மல்லிகைக்கு நடுவே மணப்பெண்ணுக்கு எந்த வாசனை?

மதுரைப் பக்கத்துக் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு சென்ட் தேர்ந்தெடுக்கும்போது, அவள் தலையில் என்ன பூ ஏறப்போகிறது, கழுத்தில் என்ன மாலை விழப்போகிறது என்பதை முதலில் கேட்க வேண்டும். பாட்டிலைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான். தலையில் நாலைந்து முழம் மல்லிகை, கழுத்தில் ரோஜாவும் சம்பங்கியும் மரிக்கொழுந்தும் சேர்த்துக் கட்டிய மாலை, வாசலில் பன்னீரும் சந்தனமும், மணவறையில் ஹோமப் புகை, அதோடு நெருக்கியடித்து நிற்கும் உறவுக்கூட்டம். இவ்வளவுக்கும் நடுவே காலை நாலு மணியிலிருந்து ராத்திரி பத்து மணிவரை அந்தப் பெண் இருக்கப்போகிறாள். கடையில் குளுகுளு அறையில் நின்று மோந்து பார்த்தபோது அருமையாக இருந்த சென்ட், இந்த இடத்தில் ஒன்று காணாமல் போகும், இல்லையென்றால் பூவோடு சண்டை போட்டுத் தலைவலியைக் கிளப்பும். ஏன் அப்படி என்று புரிந்துவிட்டால் தேர்வு தானாகவே சுருங்கிவிடும்.

மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதன் வாசனை பூ திறக்கும்போதுதான் முழுதாக வெளியே வரும். தோட்டத்தில் விடியற்காலையில் மொட்டாகப் பறிப்பார்கள். பறித்த மொட்டு அன்று சாயங்காலத்துக்கு மேல்தான் விரியத் தொடங்கும். காலை முகூர்த்தத்துக்கு வைக்கும் பூ முந்தின நாள் பறித்தது. கட்டி, ஐஸ் பெட்டியில் அடக்கி வைத்து, விரிவதைத் தள்ளிப்போடுகிறார்கள். விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பெட்டியைத் திறந்து தலையில் வைத்ததும், உடம்புச் சூட்டிலும் விளக்குச் சூட்டிலும் மொட்டுகள் விரிய ஆரம்பிக்கும். ஏழு, எட்டு மணிக்கு வாசனை உச்சத்தில் இருக்கும். பதினொரு மணிக்கு மேல் இதழோரம் பழுப்பேறத் தொடங்கும். ஒரு பூவைப் பிய்த்து நுனியைப் பார்த்தால் மெல்லிய காப்பிக் கறை போலத் தெரியும். அந்த நேரத்தில் வாசனையும் மாறிவிடும்: தேன் மாதிரியான இனிப்பு குறைந்து, கனமான, கொஞ்சம் புளித்த வாடை மேலே வரும். மல்லிகையில் இயல்பாகவே இருக்கும் இண்டோல் என்ற பொருள், பூ புதிதாக இருக்கும்போது மற்ற வாசனைகளோடு கலந்து அழகாக இருக்கும். பூ வாட வாட அதுதான் முன்னால் நிற்கும். ஆகவே மணப்பெண் போடும் சென்ட், காலை ஏழு மணி மல்லிகையோடும் ஒத்துப்போக வேண்டும், மத்தியானம் ஒரு மணி மல்லிகையோடும் ஒத்துப்போக வேண்டும்.

நிறையப் பேர் முதலில் கேட்பது மல்லிகை வாசனை சென்ட்தான். கல்யாணம், மல்லிகை, பொருத்தம் என்று தோன்றும். அன்றைக்கு அதைவிட வீணான தேர்வு கிடையாது. மூக்கு ஒரே வாசனையைத் தொடர்ந்து முகர்ந்தால் கொஞ்ச நேரத்தில் அதை உணர்வதையே குறைத்துக்கொள்ளும். மண்டபத்துக்குள் நுழைந்து கால்மணி நேரம் ஆன யாருக்கும் மல்லிகை வாசம் நுழைந்தபோது இருந்த அளவுக்குத் தெரியாது. அந்தப் பழகிப்போன மூக்குக்கு முன்னால் இன்னொரு மல்லிகையைக் கொண்டுபோய் வைத்தால் அதுவும் தெரியாது. மணப்பெண்ணுக்கும் தெரியாது. ‘சென்ட் போய்விட்டது’ என்று நினைத்து அவள் இன்னும் நாலு முறை அடித்துக்கொள்வாள். வெளியிலிருந்து புதிதாக வருகிறவருக்குத்தான் அது முகத்தில் அறையும். போதாக்குறைக்கு, நிஜ மல்லிகை பக்கத்தில் இருக்கும்போது பாட்டில் மல்லிகை சோப்பு வாசனையாகத் தெரியும்.

சம்பங்கி வாசனை சென்ட்டுக்கும் இதே கதிதான், மாலையிலேயே சம்பங்கி இருக்கிறது. வெனிலா, கேரமல், பழ மிட்டாய் வகைகள் வேறொரு தொந்தரவு. மல்லிகையிலேயே இனிப்பு அதிகம்; அதன்மேல் இன்னோர் இனிப்பு ஏறும்போது மின்விசிறிக் காற்று மட்டும் ஓடும் மண்டபத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு நெற்றிப்பொட்டு வலிக்கும். மணவறையில் ஒன்றரை மணி நேரம் தோளோடு தோள் உட்காரப்போவது மாப்பிள்ளை. அவருக்கோ அவருடைய அம்மாவுக்கோ ஒற்றைத் தலைவலி, இளைப்பு இருக்கிறதா என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. எலுமிச்சை, ஆரஞ்சு, கடல்காற்று மாதிரியான வகைகள் யாருக்கும் தொந்தரவு தராது. ஆனால் அவற்றின் முக்கிய வாசனை லேசான பொருள்களால் ஆனது. மதுரை வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் பறந்துவிடும்.

மிஞ்சுவது அடிவாசனை கனமாக உள்ள வகைகள்: சந்தனம், வெட்டிவேர், தேவதாரு போன்ற மர வாசனைகள், மஸ்க். இவற்றில் இருக்கும் பொருள்கள் மெதுவாகத்தான் ஆவியாகும். அதனால்தான் காலையில் பூசியது சாயங்காலமும் தோலில் நிற்கிறது. மல்லிகையில் இல்லாத வாசனை என்பதால் பழகிப்போன மூக்குக்கும் தனியாகத் தெரியும். சந்தனம் மல்லிகையின் இனிப்பைத் தாங்கிப் பிடிக்கும். வெட்டிவேரின் மண்வாசனை மத்தியானத்தில் வாடும் பூவின் கனத்தை உலர்த்திக் காட்டும். எங்களைக் கேட்டால் வெயில் காலக் கல்யாணத்துக்கு வெட்டிவேர் முன்னால், சந்தனம் பின்னால் இருக்கும் கலவையைத்தான் சொல்வோம். கொஞ்சம் ஏலக்காயோ குங்குமப்பூவோ மேலே தெரிந்தால் தவறில்லை. ரோஜா சேர்ந்த சந்தனம் மாலையில் இருக்கும் ரோஜாவோடு கலந்துபோகும், அதுவும் நல்லதே. அகில் கட்டை வாசனையான ஊது வகை மட்டும் யோசித்து எடுக்க வேண்டும். ஹோமப் புகையோடு சேர்ந்தால் எது புகை, எது சென்ட் என்று தெரியாமல் மொத்தமும் கரிவாடையாகத் தோன்றும்.

அடுத்தது அத்தரா, ஸ்ப்ரேயா என்பது. அத்தர் எண்ணெய் வடிவில் இருப்பதால் மெதுவாக எழும், தோலோடு ஒட்டி நிற்கும், எட்ட நிற்பவருக்கு அவ்வளவாகப் போகாது. ஸ்ப்ரே ஆல்கஹாலில் கரைத்தது; வேகமாக எழுந்து பரவும். பாட்டிலில் ஈடிடி என்று இருந்தால் வாசனைச் சத்து பொதுவாக 5 முதல் 15 சதவீதம், ஈடிபி என்றால் 15 முதல் 20 சதவீதம் வரை, எக்ஸ்ட்ரே என்றால் அதற்கு மேல். ஆனால் சதவீதத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. எலுமிச்சை ஈடிபியைவிட சந்தன ஈடிடி கூடுதல் நேரம் நிற்கும். முகூர்த்தக் காலைக்கு இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்துவதுதான் எங்கள் பழக்கம்: கீழே தோலில் சந்தன அத்தர் கொஞ்சம், மேலே அதே குடும்பத்து ஈடிபி. அத்தர் 3 மில்லி குப்பி ஒரு கல்யாணத்துக்குத் தாராளம். விலை மிகக் குறைவாக உள்ள ‘சந்தன அத்தர்’ சந்தன எண்ணெய் அல்ல, செயற்கைக் கலவைதான். அது கெடுதல் என்று சொல்ல முடியாது, நன்றாகவே நிற்கும் கலவைகளும் உண்டு. ஆனால் சந்தன எண்ணெய் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

சோதனையில்தான் பெரும்பாலான வீடுகளில் தப்பு நடக்கிறது. கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னாலேயே சென்டை முடிவு செய்துவிட வேண்டும். கடையில் அட்டைத் துண்டில் அடித்துப் பார்க்கும்போது ஒரு தடவைக்கு நாலு வாசனைக்கு மேல் போகாதீர்கள். ஐந்தாவது எதுவாக இருந்தாலும் மூக்கு சரியாகச் சொல்லாது. இடையிடையே உங்கள் சொந்த முழங்கை மடிப்பை முகர்ந்தால் போதும். அட்டையில் முதல் ஐந்து நிமிடம் தெரிவதை வைத்து எதையும் வாங்க வேண்டாம். அட்டையில் பெயரெழுதி வீட்டுக்குக் கொண்டுவந்து மறுநாள் காலையில் முகர்ந்து பாருங்கள். மிச்சமிருப்பதுதான் அதன் அடிவாசனை. மண்டபத்தில் பந்தி நடக்கும் நேரத்துக்கு உங்கள் தோலில் இருக்கப்போவது அது.

மிஞ்சிய இரண்டை வீட்டில் தோலில் சோதியுங்கள். வெயில் உள்ள நாளாகப் பார்த்து, காலையில் ஒரு கையின் முழங்கை மடிப்பில் ஒன்று, மறு கையில் மற்றொன்று. தலையில் இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொள்ளுங்கள். இந்த மல்லிகை இல்லாமல் செய்யும் சோதனை கால் பங்குதான் பயன். அடுப்படி வேலை, மாடி ஏறி இறங்குவது என்று வழக்கம்போல வேர்க்க விட்டு, இரண்டு மணி நேரத்திலும், ஐந்து மணி நேரத்திலும், எட்டு மணி நேரத்திலும் வேறொருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். “சித்தி, கையெட்டு தூரத்தில் நின்னு என்ன வாசனை வருதுன்னு சொல்லுங்க, அப்புறம் பக்கத்தில் குனிஞ்சு பாருங்க” என்று கேட்டால் போதும். எட்ட நிற்கும்போது பூ மட்டும் தெரிய வேண்டும். குனிந்து ஆசீர்வாதம் செய்யும் தூரத்தில் சென்ட் தெரிய வேண்டும். எட்ட நின்றே சென்ட் தெரிந்தால் அளவு அதிகம். குனிந்தும் தெரியவில்லை என்றால் அந்தச் சென்ட் உங்கள் தோலுக்கு ஒத்துவரவில்லை.

இதில் ஒரு நுட்பம் உண்டு. மஸ்க் வகையில் சில பொருள்கள் சிலர் மூக்குக்குப் படவே படாது. மற்ற எல்லா வாசனையும் தெரியும், அது மட்டும் தெரியாது. மணப்பெண் அப்படிப்பட்டவராக இருந்தால் மஸ்க் சென்ட் அவருக்குத் தண்ணீர் மாதிரி இருக்கும், சுற்றி இருப்பவர்களுக்கு மூச்சுமுட்டும். ஆகவே சோதனைக்கு ஒருவரை மட்டும் நம்பாமல், வயதில் வேறுபட்ட மூன்று பேரையாவது கேட்பது பாதுகாப்பு. அதே நாளில் தோலையும் கவனியுங்கள். பூசிய இடத்தை இரண்டு நாள் பார்த்து, சிவப்போ அரிப்போ இருந்தால் அந்தப் பாட்டிலை விட்டுவிடுங்கள். நூல் போட்டது, வேக்ஸிங், ப்ளீச் செய்த இடத்தில் ஒரு நாளாவது கழியாமல் எந்த சென்ட்டும் படக் கூடாது, எரியும், தடிக்கும்.

சரியான சென்ட் வாங்கியும் கலந்துபோன வாசனை வருகிறது என்று சொல்பவர்கள் அன்றைய தினம் உடம்பில் ஏறும் மற்ற வாசனைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். சோப்பு, ஷாம்பு, தலைக்கு எண்ணெய், பவுடர், பாடி லோஷன், மேக்கப்பை நிறுத்தும் ஸ்ப்ரே, கொண்டைக்கு அடிக்கும் ஹேர் ஸ்ப்ரே. ஒவ்வொன்றிலும் ஒரு சென்ட் இருக்கிறது. ஹேர் ஸ்ப்ரேயின் வாசனை பூவுக்கு நேர் அடியில் நாள் முழுக்க இருக்கும். மேக்கப் செய்பவரிடம் ஒரு மாதம் முன்பே வாசனை இல்லாத ஹேர் ஸ்ப்ரே கேட்டு வையுங்கள். லோஷனும் வாசனை இல்லாததாக இருக்கட்டும். விடியற்காலைக் குளியலுக்கு நலங்குமாவு வைத்துக்கொண்டால் வேலை எளிது. அதில் இருக்கும் வெட்டிவேர், கிச்சிலிக் கிழங்கு, பூலாங்கிழங்கு எல்லாம் நாம் போடப்போகும் சென்ட்டின் திசையிலேயே போகும். மஞ்சள் சேர்ந்த மாவு என்றால் கழுத்தையும் அக்குளையும் நன்றாகக் கழுவ வேண்டும், வெளிர் நிற ரவிக்கையில் கறை படியும்.

அக்குளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மணப்பெண்ணிடம் சென்ட் ‘கெட்டுவிட்டது’ என்று தோன்றும்போது பெரும்பாலும் கெட்டது பட்டு ரவிக்கையின் அக்குள்தான். பட்டு வேர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும், உலர நேரம் எடுக்கும். அங்கே சென்ட் அடிப்பதால் வேர்வை நாற்றம் போகாது, இரண்டும் கலந்த மூன்றாவது நாற்றம்தான் வரும். வேர்வையையே குறைக்கும் வகை மருந்துகளை முந்தின நாள் ராத்திரி, நன்றாக உலர்ந்த அக்குளில் பூசிப் படுக்க வேண்டும். அவற்றில் உள்ள அலுமினிய உப்பு வேர்வைத் துளைகளில் படிய வேர்க்காத நேரம் வேண்டும். காலையில் பூசி உடனே ரவிக்கை போட்டால் பாதிப் பலன்தான். வாங்கும்போது டியோடரன்ட் என்று மட்டும் எழுதியிருக்கிறதா, ஆன்டிபெர்ஸ்பிரன்ட் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். முன்னது நாற்றத்தை மட்டும் குறைக்கும். சவரம் செய்த அன்றே பூசினால் எரியும், அதை ஒரு நாள் முன்னாலேயே முடித்துவிடுங்கள். ரவிக்கைக்குள் தைக்கும் வேர்வை அட்டைகள் கடையில் கிடைக்கின்றன, இரண்டு ஜோடி வைத்திருந்து மத்தியானம் மாற்றலாம்.

இப்போது ஒரு கல்யாணத்தை எடுத்துப் பார்ப்போம். வைகாசி மாதம், திருமங்கலம் பக்கம் ஏசி இல்லாத மண்டபம். முகூர்த்தம் ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள். சாயங்காலம் ஆறரை மணிக்கு மதுரையில் ஏசி ஹாலில் வரவேற்பு. பெண்ணுக்கு வறண்ட தோல். தேர்ந்தெடுத்தது வெட்டிவேரும் சந்தனமும் கலந்த ஈடிபி, கூட ஒரு சந்தன அத்தர்.

மூன்றே முக்காலுக்குக் குளியல். துடைத்து, தோலில் லேசான ஈரம் இருக்கும்போதே வாசனை இல்லாத லோஷனை முழங்கை மடிப்பு, முழங்கால் பின்பக்கம், இடுப்பின் இரு பக்கம், காதுக்குப் பின்னால் பூச வேண்டும். வறண்ட தோலில் வாசனை நிற்காது என்பதால் இவருக்கு இது கட்டாயம். பத்து நிமிடம் ஊற விட்டு, அத்தர் குச்சியால் காதுக்குப் பின் ஒரு தொடல், பிடரியில் முடி தொடங்கும் இடத்துக்குக் கீழே ஒரு தொடல். தேய்க்கக் கூடாது, தொட்டு எடுத்தால் போதும். அப்புறம் ஈடிபி: ஒரு சாண் தூரத்திலிருந்து இரண்டு முழங்கை மடிப்பிலும் ஒவ்வொன்று, முழங்கால் பின்பக்கம் ஒவ்வொன்று, இடுப்பில் ஒன்று. ஆறாவது ஸ்ப்ரே பருத்திப் பாவாடையின் உள்பக்கம், கீழோரத்திலிருந்து ஒரு சாண் மேலே. துணி தோலைவிட நீண்ட நேரம் வாசனையைப் பிடித்து வைத்திருக்கும், நடக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும். ஒரு ஸ்ப்ரேயில் சுமார் 0.1 மில்லிதான் வரும். மொத்தம் அரை மில்லிக்குக் கொஞ்சம் மேலே செலவாகியிருக்கும். அதற்கு மேல் தேவையில்லை.

நாலேகால், நாலரைக்குள் இது முடிந்துவிட வேண்டும், சேலை கட்டுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். இதற்கு இரண்டு காரணம். எலுமிச்சை போன்ற மேல்வாசனை, மேக்கப் அறைக்குள்ளேயே போய்விடும். விருந்தாளிகள் வரும்போது நாம் தேர்ந்தெடுத்த நடுவாசனையும் அடிவாசனையும் மட்டும் இருக்கும். இரண்டாவது காரணம் பட்டு. முகூர்த்தப் பட்டில் ஸ்ப்ரே பட்டால் சாயத்தில் வட்டமாகத் திட்டு விழும், அத்தர் பட்டால் எண்ணெய்க் கறை, சரிகையும் மங்கும். பட்டுக்கு மேல் யாரும் எதையும் அடிக்க விடாதீர்கள். பாசத்தோடு பாட்டிலை நீட்டுகிற அத்தையாக இருந்தாலும், “போட்டாச்சு அத்தை, சேலை கறையாயிரும்” என்று சொல்லித் தடுத்துவிட வேண்டும். நகைக்கும் இதே விதி. முலாம் பூசிய செட், முத்து, கெம்புக்கல் எல்லாம் ஆல்கஹாலில் பொலிவு போகும், ஒட்டிய கல் இளகும். அதனால் சென்ட் உலர்ந்த பிறகுதான் நகை.

மணிக்கட்டை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வழக்கமாக எல்லோரும் முதலில் அடிப்பது அங்கேதான். மணப்பெண்ணின் மணிக்கட்டில் மருதாணி இருக்கிறது. ஆல்கஹால் தோலை உலர்த்தி அதன் சிவப்பைச் சீக்கிரம் வெளிறச் செய்யும். மருதாணியில் கலந்த நீலகிரித் தைலத்தின் வாசனையும் அங்கே இரண்டு மூன்று நாள் ஒட்டிக்கொண்டிருக்கும், அதோடு எந்தச் சென்டும் சேராது. தாரை வார்க்கும்போது தண்ணீரும் பாலும் கையில் ஓடும். வளையலும் உரசிக்கொண்டே இருக்கும். அந்த இடத்தில் போட்டது வீண்தான்.

தலைக்கு வாசனை வேண்டும் என்றால், பின்னல் போடுவதற்கு முன்னால் சீப்பில் ஒரு ஸ்ப்ரே அடித்து, ஒரு நிமிடம் உலர விட்டு, முடியின் கீழ்ப்பாதியை மட்டும் வாரலாம். பூ வைத்த பிறகு கிட்டேயே போகக் கூடாது. மல்லிகை இதழில் ஆல்கஹால் பட்டால் பட்ட இடம் கண்ணாடி மாதிரி நனைந்து, கொஞ்ச நேரத்தில் பழுத்துவிடும். போட்டோவில் அது பளிச்சென்று தெரியும்.

ஆறு மணிக்குச் சேலை, ஆறேகாலுக்குப் பூ, ஏழுக்கு மணவறை. மணவறைக்குள் பாட்டிலைக் கொண்டுபோகவே வேண்டாம். ஹோம குண்டமும் ஆரத்திக் கற்பூரமும் உள்ள இடத்தில் ஈரமான சென்ட் எரியக்கூடிய பொருள். கைக்குட்டையில் அடித்துக் கொடுப்பதும் வேண்டாம். அதே கைக்குட்டையால்தான் முகத்து வேர்வையை ஒற்றுவார், கண் எரிந்து தண்ணீர் கொட்டும், மை கரையும். கையில் இருக்கும் கைக்குட்டை வெறும் பருத்தியாக இருக்கட்டும்.

தாலி கட்டி, மாலை மாற்றி, ஆசீர்வாதம் முடிந்து, பந்தியில் உட்கார்ந்து எழுந்திருக்கும்போது மணி பன்னிரண்டு, ஒன்று ஆகியிருக்கும். பெண்ணுக்குத் தன் சென்ட் துளியும் தெரியாது. அது போய்விட்டதா என்று அவளைக் கேட்டுப் பயனில்லை. மண்டபத்துக்கு அப்போதுதான் வந்த ஒருவரைக் கேட்க வேண்டும். தெரிகிறது என்று அவர் சொன்னால் தொட வேண்டாம். தெரியவில்லை என்றால் அறைக்குப் போய், மாலையைக் கழற்றி, ஈரத்துணியால் கழுத்தையும் முழங்கை மடிப்பையும் துடைத்து, மின்விசிறியில் உலர விட்டு, அத்தர் மட்டும் ஒரு தொடல். வேர்வையின் மேல் ஸ்ப்ரே அடித்தால் வேர்வை வாடைதான் பரவும். பூ பழுப்பேறியிருந்தால் அதை எடுத்துவிட்டுப் புதுச் சரம் இரண்டு முழம் வைப்பது, எந்தச் சென்ட்டையும்விட அந்த நேரத்தில் பெரிய வித்தியாசம் தரும். அதற்கென்று காலையிலேயே ஒரு சரத்தைத் தனியாக எடுத்து, வாழையிலையில் சுற்றி, ஐஸ் பெட்டியில் வைத்துவிட வேண்டும். ஐஸ் நேராகப் பூவில் பட்டால் கருகும். நடுவே இலையோ துணியோ இருக்கட்டும்.

சாயங்காலத்துக்கு நாலரை மணிக்கு மறுபடி குளியல், மறுபடி லோஷன், அதே வரிசை. ஹோமப் புகை முடியில் ஒட்டியிருக்கும், தலைக்குக் குளிக்க நேரம் இருக்காது. முடியை அவிழ்த்து மின்விசிறிக்கு முன்னால் கால்மணி நேரம் காயவிட்டால் பாதிப் புகை போய்விடும். ஏசி ஹாலில் குளிர்ந்த காற்றில் வாசனை மெதுவாக எழும். அதனால் காலையைவிட ஒரு ஸ்ப்ரே கூட்டலாம், அது நீண்ட நேரமும் நிற்கும். வரவேற்பு மேடையில் இப்போதெல்லாம் ஆர்கிட், ஜெர்பரா மாதிரி மணமே இல்லாத பூதான் பெரும்பாலும். தலையிலும் சரம் குறைவு. காலையில் பூவுக்கு அடியில் இருந்த சென்ட் இங்கே முன்னால் வரும். இரண்டாவது பாட்டில் வாங்க வசதி இருந்தால், அதே சந்தன அடிவாசனையில் ரோஜா கொஞ்சம் தூக்கலாக உள்ளதை எடுக்கலாம். இல்லையென்றால் அதே பாட்டில் போதும். மாப்பிள்ளையும் அன்று பலமான பாடி ஸ்ப்ரே போடாமல், அதே சந்தன அத்தரை ஒரு தொடல் வைத்துக்கொள்ளட்டும். இருவர் வாசனையும் மோதாமல் இருக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

அளவு மீறிவிட்டால் தண்ணீர் ஊற்றிக் கழுவிப் பலனில்லை, வாசனைப் பொருள்கள் பெரும்பாலும் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். வாசனை இல்லாத லோஷனையோ கொஞ்சம் தேங்காய் எண்ணெயையோ பஞ்சில் தொட்டு அந்த இடத்தைத் துடைத்து, புதுப் பஞ்சால் இன்னொரு முறை துடைத்து, கடைசியில் ஈரத்துணியால் ஒற்றினால் பெரும்பகுதி போய்விடும். பாவாடையில் அதிகமாகிவிட்டால் மாற்றுவதுதான் வழி, அதனால் பெட்டியில் இன்னொரு பாவாடை இருக்கட்டும்.

கல்யாணம் தை மாதம் என்றால் கணக்கில் ஒன்று மாறும். பனிக்காலத்தில் மல்லிகை வரத்து குறைந்து விலை ஏறிவிடும். பலர் தலைக்குக் கொஞ்சம் மல்லிகையும் மிச்சத்துக்குப் பிச்சியோ காக்கட்டானோ வைப்பார்கள். காக்கட்டானுக்கு மணம் குறைவு. பிச்சிக்கு வேறு மாதிரி மணம். அந்தக் கல்யாணத்தில் சென்டுக்கு இடம் கொஞ்சம் கூடும், வெட்டிவேரைவிடச் சந்தனம் முன்னால் நிற்கும் கலவை அப்போது பொருந்தும். சோதனையையும் அன்று வைக்கப்போகும் பூவோடுதான் செய்ய வேண்டும், மல்லிகையோடு செய்து பார்த்துவிட்டுக் காக்கட்டானோடு போட்டால் அளவு தப்பும்.

எல்லாம் முடிந்து சேலையைக் கழற்றியதும் மடித்துப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். வேர்வை ஈரமும் புகையும் சென்ட்டும் மாலைச் சாறும் அதில் இருக்கும். வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் ஒரு நாள் முழுக்க விரித்துப் போட்டு, கழுத்தோரமும் முந்தியும் மாலை உரசிய இடமும் கறை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் ட்ரை க்ளீனிங்குக்குக் கொடுத்து, அப்புறம் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். வெட்டிவேரை நேராகப் பட்டின்மேல் போடாமல் சின்னத் துணிப்பையில் கட்டி ஓரமாக வைத்தால், வேரின் முள்நுனி சரிகையில் மாட்டாது.